ஆறு படமும் ஆறு விதமாக நிற்கிறதா? கேலரி ஸ்லைடில் என்ன தவறு, எங்கே சரிசெய்வது

ஒரே ஸ்லைடில் ஆறு பேரின் படங்களை வரிசையாக வைக்க வேண்டும். படங்களோ ஆறு இடங்களிலிருந்து வந்தவை. இரண்டு படங்கள் போனைப் படுக்கையாகப் பிடித்து எடுத்தவை, இரண்டு நிமிர்த்திப் பிடித்து எடுத்தவை, ஒன்று கேமராவில் எடுத்தது, மற்றொன்று ஒரு வீடியோவை நிறுத்திப் பிடித்த காட்சி. எல்லாவற்றையும் பவர்பாயிண்டில் போட்டு ஓரங்களை இழுத்து இழுத்துப் பார்த்தால் ஒன்று உயரமாகிறது, ஒன்று சப்பையாகிறது, ஒருவர் தலை பாதியில் வெட்டுப்படுகிறது. கீழே இந்த ஆறு படங்களையே உதாரணமாக வைத்து, கண்ணுக்குத் தெரியும் கோளாறு ஒவ்வொன்றிலிருந்தும் அதன் காரணத்துக்குப் போகிறேன். மெனுப் பெயர்கள் கணினியில் நிறுவிய பவர்பாயிண்டில் திரையில் தெரியும்படியே இருக்கின்றன.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் பாதிக் கோளாறுகள் இதில்தான் தொடங்குகின்றன. படத்துக்கு அளவு வேறு, விகிதம் வேறு. அகலம் 6 செ.மீ., உயரம் 6 செ.மீ. என்பது அளவு. அகலமும் உயரமும் ஒன்றுக்கு ஒன்று என்பது விகிதம். வெட்டுவது விகிதத்தை மாற்றும். இழுப்பது அளவை மாற்றும். இழுத்தே விகிதத்தை மாற்றப் பார்த்தால் முகம் நசுங்கும். ஆகவே முதலில் விகிதம், பிறகு அளவு, கடைசியில் இடம். இந்த வரிசை புரண்டால் எத்தனை நேரம் செலவழித்தாலும் ஸ்லைடு ஒழுங்குக்கு வராது.

"எல்லாப் படத்துக்கும் ஒரே உயரம் கொடுத்தேன், அகலம் ஆளுக்கொன்றாக இருக்கிறது"

இது பிழையே இல்லை, பவர்பாயிண்ட் சரியாகத்தான் நடந்துகொள்கிறது. படங்களுக்கு Lock aspect ratio என்ற டிக் இயல்பாகவே போட்டிருக்கும். ஆறையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து உயரம் 6 செ.மீ. என்று கொடுத்தால், ஒவ்வொரு படமும் தன் விகிதத்தைக் காப்பாற்றிக்கொண்டு அகலத்தை மாற்றிக்கொள்ளும். படுக்கையாக எடுத்த போன் படம் 4:3, அதனால் அகலம் 8 செ.மீ. ஆகும். நிமிர்த்தி எடுத்தது 3:4, அது 4.5 செ.மீ.யில் நிற்கும். வீடியோக் காட்சி 16:9, அது 10.67 செ.மீ.க்குப் போய்விடும்.

இங்கே பலரும் அந்த டிக்கை எடுத்துவிட்டு அகலத்துக்கும் 6 என்று போடுவார்கள். சட்டங்கள் அந்த நொடியே சமமாகிவிடும், முகங்களும் அந்த நொடியே கெட்டுப்போகும். டிக்கைத் தொட வேண்டாம். அதற்குப் பதில் ஒவ்வொரு படமாகத் தேர்ந்தெடுத்து Picture Format தாவலில் Crop பொத்தானின் கீழ்ப்பாதியை அழுத்தி, Aspect Ratio > 1:1 கொடுங்கள். படத்தின் நடுப்பகுதி சதுரமாக நின்று, வெட்டுப்படும் ஓரங்கள் மங்கலாகத் தெரியும். வெளியே ஓரிடத்தில் கிளிக் செய்தால் வெட்டு முடிந்தது.

இப்போதும் சதுரங்கள் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாகத்தான் இருக்கும். பரவாயில்லை. விகிதம் ஒன்றாகிவிட்டதால், ஆறையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து உயரம் 6 என்று ஒரே ஒரு முறை கொடுத்தால் போதும், அகலம் தானாக 6 ஆகிவிடும்.

எந்த விகிதத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். 3:2 படுக்கைச் சட்டம் பார்க்க அழகுதான், ஆனால் நிமிர்த்தி எடுத்த 3:4 படத்தை அதில் நிரப்பினால் சரிபாதி வெட்டுப்பட்டுப் போகும். சதுரத்தில் வைத்தால் 4:3, 3:4 இரண்டுமே கால் பங்கைத்தான் இழக்கின்றன. கேமராவின் 3:2 படம் மூன்றில் ஒரு பங்கை இழக்கும், 16:9 காட்சி ஏறக்குறைய 44 சதவீதத்தை இழக்கும். ஆனால் அந்தக் காட்சியில் ஓரங்களில் இருப்பது பெரும்பாலும் சுவர்தான், போனால் போகட்டும். படுக்கையும் நிமிர்ந்ததும் கலந்து வந்தால் நான் சதுரத்தையே எடுப்பேன். எல்லாமே படுக்கையாக இருந்தால் மட்டும் 3:2 அல்லது 4:3.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு, கண்டுபிடிக்கக் கொஞ்சம் சிரமமானது. 4:3 என்று கொடுத்த ஒரே ஒரு படம் மட்டும் 3:4 ஆக நிமிர்ந்து நிற்கும். அந்தப் படத்தை Format Picture பலகத்தில் Size பகுதியில் பாருங்கள், Rotation என்ற இடத்தில் 90 அல்லது 270 என்று இருக்கும். திருப்பிய படத்துக்கு உயரம், அகலம் இரண்டையும் பவர்பாயிண்ட் திருப்புவதற்கு முந்தைய நிலையிலேயே கணக்கிடுகிறது. அந்தப் படத்துக்கு மட்டும் எதிர் விகிதத்தைக் கொடுங்கள். இல்லையென்றால், போனிலேயே படத்தைத் திருப்பிச் சேமித்துவிட்டு மறுபடியும் சேருங்கள். சதுரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

"ஒருவர் முகம் அகலமாக, இன்னொருவர் முகம் ஒடுங்கித் தெரிகிறது"

படம் நசுங்கியிருக்கிறது. கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், எண்ணே சொல்லிவிடும். படத்தில் வலது கிளிக், Size and Position, அதில் Scale Height, Scale Width என்று இரண்டு சதவீதங்கள் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் படம் அதன் இயல்பான வடிவில் இருக்கிறது என்று பொருள். ஒன்று 31, மற்றது 42 என்று இருந்தால் யாரோ பக்கவாட்டில் இழுத்திருக்கிறார்கள்.

சரிசெய்ய Lock aspect ratio டிக்கை எடுங்கள், இரண்டு சதவீதத்தையும் ஒன்றாக்குங்கள், டிக்கைத் திரும்பப் போடுங்கள். டிக்கை மறக்காமல் போடுவது முக்கியம், இல்லாவிட்டால் அடுத்த முறை ஆறையும் சேர்த்து அளவு மாற்றும்போது இந்தப் படம் மட்டும் மறுபடி நசுங்கும். அப்புறம் மேலே சொன்னபடி 1:1 வெட்டைப் புதிதாகக் கொடுங்கள். எல்லாம் குழம்பிப்போயிருந்தால் Picture Format தாவலில் Reset Picture என்பதன் கீழே Reset Picture & Size இருக்கிறது. அது வெட்டையும் நீக்கி, படத்தை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

படத்தைச் சேர்க்காமல், முதலில் ஒரு கட்டமோ வட்டமோ வரைந்து அதற்குள் Picture fill கொடுத்திருந்தால் கதை வேறு. அந்த வழியில் பவர்பாயிண்ட் முழுப் படத்தையும் கட்டத்தின் அளவுக்கு இழுத்துப் பொருத்திவிடும். சதுரக் கட்டத்தில் 16:9 படத்தைப் போட்டால் எல்லாரும் ஒல்லியாகிவிடுவார்கள். அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் மேலே Picture Format தாவலும் தெரியும். அங்கே Crop > Fill கொடுங்கள். படம் இயல்பான விகிதத்துக்குத் திரும்பிச் சட்டத்தை நிரப்பும், மிஞ்சுவது வெட்டுப்படும். பக்கத்திலேயே இருக்கும் Fit முழுப் படத்தையும் உள்ளே அடக்கிக் காட்டும், ஆனால் மேலும் கீழுமோ இரு பக்கமுமோ வெற்றுப் பட்டை விடும். சில படங்களுக்கு மட்டும் ஓரத்தில் வெள்ளைப் பட்டை தெரிகிறதென்றால், எங்கோ Fill என்பதற்குப் பதில் Fit விழுந்திருக்கிறது.

"வட்டமாக வெட்டச் சொன்னேன், முட்டையாக வந்திருக்கிறது"

Crop to Shape பட்டியலில் வட்டம் என்று தனியாக ஒன்று இல்லை. Oval மட்டும்தான் உண்டு. அது படத்தின் சட்டம் எப்படி இருக்கிறதோ அதற்குள் பொருந்தும் நீள்வட்டத்தைப் போடும். சட்டம் சதுரமாக இருந்தால் வட்டம், 4:3 ஆக இருந்தால் முட்டை.

ஆகவே 1:1 கொடுத்து, ஆறையும் 6 செ.மீ. ஆக்கிய பிறகு, எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து Crop > Crop to Shape > Oval. வடிவத்தை மட்டும் பல படங்களுக்கு ஒரே நேரத்தில் கொடுக்க முடியும். ஏற்கனவே முட்டையாகிவிட்டால் எதையும் அழிக்க வேண்டாம், அந்தப் படத்துக்கு Aspect Ratio > 1:1 கொடுங்கள், முட்டை வட்டமாகிவிடும். ஆனால் அது வேறொரு அளவில் நிற்கும், உயரம் 6 என்பதை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

வட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு யோசனை. சதுரத்தின் நான்கு மூலைகளும் வட்டத்தில் போய்விடும். ஒருவர் முகம் படத்தின் ஓரமாக இருந்தாலோ, இரண்டு பேர் ஒரு படத்தில் இருந்தாலோ வட்டம் சரிவராது.

"சட்டங்கள் எல்லாம் சமம்தான், ஆனாலும் ஸ்லைடு ஒழுங்காகத் தெரியவில்லை"

நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான், வேலையும் இதில்தான் அதிகம். அளவுகள் எல்லாம் 6க்கு 6, இடைவெளிகள் சரி, ஆனாலும் பார்க்கும்போது எதுவோ உறுத்துகிறது. காரணம், பார்ப்பவர் சட்டத்தைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறார். ஒருவர் முகம் சட்டம் முழுக்க நிரம்பியிருக்கிறது, பக்கத்தில் இன்னொருவர் இடுப்புவரை தெரிய முகம் நெல்லிக்காய் அளவில் இருக்கிறது. ஒருவர் கண் சட்டத்தின் மேல் ஓரத்தில், அடுத்தவர் கண் நடுவில். சட்டம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இது தள்ளாடும்.

இரண்டு விஷயங்களை ஒன்றாக்க வேண்டும். உச்சந்தலையிலிருந்து தாடைவரை உள்ள உயரம் எல்லாருக்கும் ஒரே அளவு, கண்கள் ஒரு வரிசையில் ஒரே கோட்டில்.

முதலில் முகத்தின் அளவை எதை வைத்து முடிவு செய்வது? மிக நெருக்கத்தில் எடுத்த படத்தை வைத்துத்தான். மற்ற படங்களில் முகத்தைப் பெரிதாக்கலாம், ஆனால் நெருக்கமாக எடுத்த படத்தில் முகத்தைச் சிறிதாக்க முடியாது. சிறிதாக்கினால் சட்டத்தின் ஓரம் காலியாகிவிடும். நம் ஆறில் நிமிர்த்தி எடுத்த போன் படம் ஒன்றில்தான் முகம் மிக நெருக்கத்தில் இருந்தது. அதைச் சதுரமாக வெட்டி 6 செ.மீ. ஆக்கியபோது உச்சியிலிருந்து தாடைவரை 3.6 செ.மீ. வந்தது. சரி, எல்லாருக்கும் 3.6தான்.

இப்போது அளவுகோல் வேண்டும். அகலத்திரை ஸ்லைடின் இயல்பான அளவு 33.87க்கு 19.05 செ.மீ. முதல் வரிசைச் சட்டங்களின் மேல் ஓரத்தை 3.8 செ.மீ.யில் வைத்திருக்கிறேன். உச்சந்தலைக்கு மேல் 0.8 செ.மீ. காற்று விட்டால் உச்சி 4.6இல் வரும், தாடை 8.2இல் வரும். மனிதத் தலையில் கண்கள் உச்சிக்கும் தாடைக்கும் ஏறக்குறைய நடுவில் இருப்பதால், கண் கோடு 6.4. இந்த மூன்று இடங்களிலும் ஸ்லைடில் கோடு போட்டுவிட்டால் ஒவ்வொரு படத்தையும் அதற்குள் பொருத்துவது சுலபம்.

அதற்கு Guides போதும். Alt+F9 அழுத்தினால் நடுவில் ஒரு படுக்கைக் கோடும் ஒரு நெட்டைக் கோடும் வரும். படுக்கைக் கோட்டை Ctrl அழுத்தியபடி இழுத்தால் இன்னொரு கோடு பிறக்கும். இழுக்கும்போது ஒரு எண் தெரியும், இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அந்த எண் ஸ்லைடின் மேலிருந்து அல்ல, நடுவிலிருந்து உள்ள தூரம். ஸ்லைடின் நடு 9.525 செ.மீ.யில் இருக்கிறது. ஆகவே உச்சிக் கோட்டுக்கு நடுவுக்கு மேலே 4.93, கண் கோட்டுக்கு 3.13, தாடைக்கு 1.33. இரண்டாம் இலக்கத்தில் கொஞ்சம் முன்பின் ஆனால் கவலையில்லை.

இனி ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து Crop பொத்தானின் மேல்பாதியை அழுத்துங்கள். இப்போது இரண்டு வகைக் கைப்பிடிகள் தெரியும். தடித்த கறுப்புக் கோடுகள் சட்டத்துக்கு உரியவை, மூலையில் வெள்ளை வட்டங்கள் உள்ளே இருக்கும் படத்துக்கு உரியவை. கறுப்பைத் தொடவே கூடாது. அதைத் தொட்டால் சட்டம் 6க்கு 6 என்பது போய்விடும், இதுவரை செய்ததெல்லாம் வீண். Shift அழுத்தியபடி வெள்ளை வட்டத்தை இழுத்தால் படம் விகிதம் மாறாமல் பெரிதாகும். தாடையும் உச்சியும் 3.6 செ.மீ. இடைவெளிக்கு வரும்வரை பெரிதாக்குங்கள், பிறகு படத்தின் நடுவில் பிடித்து நகர்த்திக் கண்ணைக் கண் கோட்டில் வையுங்கள். கையால் நகர்த்தும்போது அது அங்குமிங்கும் குதித்தால், Format Picture பலகத்தில் Crop என்ற பகுதியைத் திறந்து Offset Y எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். அதில் Picture position என்பது உள்ளே இருக்கும் படம், Crop position என்பது சட்டம். நமக்கு வேண்டியது முதலாவது.

முடிக்கு எவ்வளவு கணக்கு என்று கேட்பார்கள். உயர்த்திக் கட்டிய கொண்டையோ தலைப்பாகையோ இருந்தால் அதை அளவில் சேர்க்காதீர்கள். மண்டை எங்கே முடிகிறது என்று குத்துமதிப்பாக எடுங்கள். கண் கோடும் தாடையும் சேர்ந்துவிட்டால் முடியின் உயர வேறுபாடு உறுத்தாது. நான் சந்தேகம் வரும்போதெல்லாம் உச்சியை விட்டுவிட்டுக் கண்ணையும் தாடையையும் மட்டும் பொருத்துவேன்.

தெளிவு போதுமா என்பதையும் இந்த இடத்தில்தான் பார்க்க வேண்டும். வீடியோக் காட்சியில் முகம் தொலைவில் இருந்தது, உச்சியிலிருந்து தாடைவரை ஏறக்குறைய 200 பிக்சல். அது 3.6 செ.மீ. ஆக வேண்டுமானால், 6 செ.மீ. சட்டத்துக்குள் 333 பிக்சல்தான் விழும். ஸ்லைடு 1920 பிக்சல் அகலத் திரையில் முழுதாக ஓடும்போது 6 செ.மீ. சட்டம் பிடிக்கும் இடம் சுமார் 340 பிக்சல். அதாவது மயிரிழையில் தப்பியது. அதைவிடக் கூர்மையான 4K திரையில் அந்த ஒரு படம் மட்டும் மற்ற ஐந்தோடு ஒப்பிட மங்கலாகத் தெரியும். அதற்கு ஸ்லைடுக்குள் மருந்து இல்லை, வேறு படம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

தலை படத்தின் மேல் ஓரத்தை முட்டிக்கொண்டு எடுத்திருந்தாலும் அதே கதிதான். உச்சிக்கு மேல் 0.8 செ.மீ. விட அந்தப் படத்தில் ஒன்றுமே இருக்காது. அப்போது எல்லாருக்கும் தலைக்கு மேல் உள்ள காற்றைக் குறைத்துக்கொள்ளலாம். ஒருவருக்காக ஐந்து பேரை மாற்றுவது மனசுக்கு ஒப்பாவிட்டாலும் ஸ்லைடு அதைத்தான் கேட்கிறது.

"மூலை மழுங்கல் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கிறது"

Rounded Rectangle வடிவத்தில் மூலையின் வளைவு செ.மீ. கணக்கில் சேமிக்கப்படுவதில்லை. சட்டத்தின் சிறிய பக்கத்தில் இத்தனை பங்கு என்றுதான் வைத்திருக்கும். இயல்பாக அது ஆறில் ஒரு பங்கு. 6 செ.மீ. சதுரத்தில் வளைவு 1 செ.மீ., 3 செ.மீ. சதுரத்தில் அரை செ.மீ. ஆகவே படங்கள் வேறு வேறு அளவில் இருக்கும்போது மூலைகளைக் கண்ணால் பொருத்தி, பிறகு அளவைச் சமமாக்கினால் மூலைகள் கலைந்துவிடும். இங்கேயும் அளவு முதலில், மூலை பிறகு.

வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் மூலைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி தெரியும், வளைவை மாற்றுவது அதுதான். அதை ஒவ்வொரு படத்திலும் இழுத்து ஒன்றாக்குவது பெரும்பாடு. அதற்கு வேறு வழி இருக்கிறது. 6க்கு 6 செ.மீ. மூலை மழுங்கிய ஒரு கட்டம் வரையுங்கள், மஞ்சள் புள்ளியால் வேண்டிய அளவுக்கு வளைவைக் கொடுங்கள், Ctrl+D அழுத்தி ஐந்து நகல் எடுங்கள். ஆறும் அச்சு அசலாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் Picture fill கொடுத்து, உடனே Crop > Fill. முகத்தைப் பொருத்துவது முன்பு சொன்ன அதே முறைதான்.

"இடைவெளி சமமில்லை, அல்லது சட்டங்கள் ஸ்லைடின் ஓரத்துக்கு ஓடிவிட்டன"

Distribute Horizontally கொடுத்தவுடன் படங்கள் விலகி ஓரங்களில் ஒட்டிக்கொண்டால், Align பட்டியலில் Align to Slide தேர்வாகியிருக்கிறது. Align Selected Objects என்று மாற்றிவிட்டு மறுபடி கொடுங்கள். அதைவிட நம்பகமானது எண்ணைத் தட்டுவது. 6 செ.மீ. சட்டம் மூன்று, நடுவே 1.5 செ.மீ. இடைவெளி இரண்டு, மொத்தம் 21 செ.மீ. 33.87இல் அது போக மீதியைப் பாதியாக்கினால் 6.43. ஆகவே Horizontal position 6.43, 13.93, 21.43. மேல் வரிசைக்கு Vertical position 3.8, கீழ் வரிசைக்கு 11.3. இடையில் உள்ள ஒன்றரை செ.மீ.யில் பெயர் எழுத இடம் கிடைக்கும்.

சட்டக் கோடு கொடுத்திருந்தால் ஒன்று கவனியுங்கள். கோட்டின் தடிமன் அளவுப் பெட்டியில் சேராது. ஒரு படத்துக்கு 6 பாயிண்ட் கோடு, மற்றதுக்குக் கோடே இல்லை என்றால், எண்கள் ஒன்றாக இருந்தும் கோடு உள்ள படம் பருத்துத் தெரியும், பக்கத்து இடைவெளியும் குறுகும். எல்லாவற்றுக்கும் ஒரே தடிமன் கொடுங்கள். ஒன்றுக்குச் சரியாக அமைத்துவிட்டு Format Painter பொத்தானை இரண்டு முறை அழுத்தினால், மற்ற ஐந்துக்கும் வரிசையாகத் தடவிக்கொண்டே போகலாம். முடித்ததும் Esc. அளவு அதில் வராது, கோடும் நிழலும் வரும்.

"ஒருவர் படத்தை மாற்றினேன், எல்லாம் கலைந்தது"

Change Picture கொடுத்துப் புதுப் படத்தை வைத்தால், அது வேறு விகிதத்தில் இருக்கும்போது பழைய வெட்டு அப்படியே நிற்கும் என்று நம்ப முடியாது. மாற்றிய கையோடு Size பகுதியில் உயரமும் அகலமும் 6தானா என்று பாருங்கள். இல்லையென்றால் 1:1, பிறகு 6.

அடிக்கடி ஆட்கள் மாறும் ஸ்லைடு என்றால் ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்ய வேண்டாம், ஒரு லேஅவுட் செய்துவிடுங்கள். View > Slide Master, அங்கே Insert Layout, பிறகு Insert Placeholder > Picture. 6க்கு 6 செ.மீ. அளவில் ஒன்று வரைந்து, வட்டமோ மழுங்கிய மூலையோ வேண்டுமானால் Shape Format தாவலில் Edit Shape > Change Shape மூலம் வடிவத்தை மாற்றி, நகல் எடுத்து ஆறாக்கி, மேலே சொன்ன எண்களில் வையுங்கள். Close Master View. இனி அந்த லேஅவுட்டில் புது ஸ்லைடு போட்டு, ஒவ்வொரு சட்டத்தின் நடுவில் உள்ள சின்னத்தைக் கிளிக் செய்து படத்தைச் சேர்த்தால், பவர்பாயிண்டே அதை நிரப்பி நடுவாக வெட்டிக்கொள்ளும்.

இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். Picture என்பதற்குப் பதில் Content வகைச் சட்டத்தை வைத்துவிட்டால் படம் வெட்டுப்படாது, முழுப் படமும் சட்டத்துக்குள் அடங்கி ஆளுக்கொரு அளவில் நிற்கும். இன்னொன்று, நடுவாக வெட்டுவதால் நிமிர்த்தி எடுத்த படங்களில் தலை மேலே போய்விடும், ஏனென்றால் முகம் படத்தின் மேல் பாதியில்தான் இருக்கிறது. Crop அழுத்திப் படத்தைக் கீழே இறக்கினால் தலை திரும்பி வரும். ஆளை மாற்ற, பழைய படத்தைத் தேர்ந்தெடுத்து Delete அழுத்தினால் வெற்றுச் சட்டம் அதே இடத்தில் காத்திருக்கும். சட்டத்தையே கையால் நகர்த்திக் கெடுத்துவிட்டால் Home தாவலில் Reset அதை லேஅவுட் சொன்ன இடத்துக்கே அனுப்பிவிடும்.

"வெட்டியெறிந்த பகுதி மற்றவர் கணினியில் தெரிகிறதாம்"

தெரியத்தான் செய்யும். வெட்டு என்பது மறைப்பதுதான், அழிப்பதல்ல. கோப்பைப் பெற்றவர் படத்தைத் தேர்ந்தெடுத்து Crop அழுத்தினால், பக்கத்தில் நின்ற குழந்தையும் மேஜையில் கிடந்த அடையாள அட்டையும் அப்படியே வெளியே வந்துவிடும். பிறரின் படத்தைக் கையாளும்போது இதை ஒரு சின்ன விஷயமாக நான் நினைப்பதில்லை.

முகங்களையெல்லாம் பொருத்தி முடித்த பிறகு, கோப்பை வேறு பெயரில் சேமியுங்கள். அந்த நகலில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து Picture Format > Compress Pictures. Apply only to this picture என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், அப்போதுதான் எல்லாப் படத்துக்கும் பொருந்தும். Delete cropped areas of pictures என்பதில் டிக் இருக்க வேண்டும். OK கொடுத்துச் சேமித்து மூடி, மறுபடி திறந்து ஒரு படத்தில் Crop அழுத்திப் பாருங்கள். மங்கலான ஓரம் எதுவும் தெரியாவிட்டால் வெட்டிய பகுதி போய்விட்டது. வடிவத்துக்குள் Picture fill கொடுத்தவற்றையும் தனித்தனியாக இப்படித் திறந்து பாருங்கள். அந்த நகலை மட்டும் அனுப்புங்கள். முகத்தைப் பிறகு அரை செ.மீ. நகர்த்த வேண்டிவந்தால், ஓரங்கள் உள்ள மூலக் கோப்பு உங்களிடம் இருக்க வேண்டும்.